எட்டு டன்னா, நாலும் நாலுமா: எங்கள் அரிசி ஆலைக் கணக்கு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பழைய ரைஸ்மில்லின் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. மன்னார்குடி பக்கத்தில் அப்பா காலத்து மில் அது. களத்தில் நெல்லைக் காயவைத்து, இரண்டு ஹல்லரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். தகரம் போனதற்குக்கூட அண்ணன் வருத்தப்படவில்லை. "எப்படியும் கட்டணும்னு பேசிக்கிட்டேதானே இருந்தோம், இப்ப கட்டித்தான் ஆகணும்" என்றார். புழுங்கலுக்கு ஊறல், அவியல், டிரையர், ரப்பர் ரோல் ஷெல்லர், பாலிஷர், நிறம் கெட்ட அரிசியைப் பிரித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் எல்லாம் வைத்த நவீன ஆலை போடுவது என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. எவ்வளவு பெரிதாக என்பதில்தான் சண்டை.

மணிக்கு 4 டன் நெல் அரைக்கும் ஆலைக்கு எல்லாம் சேர்த்து 4 கோடி என்று கணக்கு வந்தது. அதே ஆட்கள் 8 டன்னுக்குக் கொடுத்த கணக்கு 6 கோடி. இரட்டிப்புத் திறன், ஒன்றரை மடங்கு விலை. நாலு டன்னை இப்போது போட்டு, இன்னொரு நாலு டன்னைப் பிறகு போட்டால் மொத்தம் 8 கோடி. மெஷின் விற்க வந்தவர் ஒரு காகிதத்தில் இதை எழுதி, 2 கோடிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, "இது உங்களுக்கு லாபம் சார்" என்றார். நான் அப்படியே விழுந்துவிட்டேன்.

அவர் ஏமாற்றவில்லை. திறன் இரட்டிப்பானால் செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஆகும் என்பது ரசாயன ஆலை கட்டுகிறவர்கள் ரொம்ப நாளாக வைத்திருக்கும் தோராய விதி. திறன் விகிதத்தை 0.6 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் செலவு விகிதம் கிடைக்கும் என்பார்கள். இரண்டை அப்படி உயர்த்தினால் 1.5 சொச்சம். ஒரு தொட்டி இரண்டு மடங்கு கொள்ளவேண்டும் என்றால் அதன் தகடு இரண்டு மடங்கு வேண்டியதில்லை என்பதுதான் அடிப்படை.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த ரெண்டாவது நாலு டன் நமக்கு எப்ப வேணும் தம்பி?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஆடிட்டர்தான் அதை எண்ணாக்கினார். பெரிய ஆலை போட்டால் இன்றைக்கு 2 கோடி அதிகம் போடுகிறீர்கள், பின்னால் 4 கோடி போடவேண்டியதில்லை. பேங்க் வட்டி 12 சதவீதம் என்று வைத்தால், 2 கோடி கூட்டு வட்டியில் 4 கோடியாக 6 வருடம் ஆகும். அதனால் இரண்டாவது பாதி 6 வருடத்துக்குள் தேவைப்பட்டால் பெரியது லாபம், அதற்குப் பிறகுதான் தேவை என்றால் பிரித்துப் போடுவது லாபம். ஒரே வரிக் கணக்கு.

ஆனால் பெரிய ஆலை சும்மா நின்றாலும் தின்னும். உயர் அழுத்த மின் இணைப்பில், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், ஒப்பந்த டிமாண்டில், அதாவது நாம் கேட்டு வாங்கிய அதிகபட்ச மின்சுமையில், 90 சதவீதத்துக்குக் கட்டணம் கட்டவேண்டும். எட்டு டன்னுக்கு 150 கே.வி.ஏ. கூடுதலாக வாங்கவேண்டியிருந்தது. அன்றைய விலையில் கே.வி.ஏ.வுக்கு மாதம் 350 ரூபாய். வருடத்துக்கு ஐந்தே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு யூனிட் ஓடாமலே. இன்சூரன்ஸ், ஓடாத பெல்ட்டும் பேரிங்கும் கெடுவது எல்லாம் சேர்த்து 8 லட்சம் என்று வைத்தோம். அதைச் சேர்த்ததும் 6 வருடம் 5 வருடமாகச் சுருங்கியது.

மெஷின்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "இன்னிக்கு 4 கோடி, அஞ்சு வருஷம் கழிச்சும் அதே 4 கோடியா சார்?" விலை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறும் என்று வைத்துப் பார்த்தால் எல்லைக்கோடு 8 வருடத்துக்குப் போய்விடுகிறது. ஆக, ஆடிட்டர் கணக்கில் 5, மெஷின்காரர் கணக்கில் 8. இதில் யார் சரி என்று நாங்கள் ஒரு வாரம் மல்லுக்கட்டினோம். இரண்டுமே சரி என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே போடுகிற எண்ணை அசைத்தால் வெளியே வருவதும் அசையும் என்கிறபோது, அந்த எண்ணைவிட, நெல் எப்போது வரும் என்பதில்தான் நாங்கள் மண்டையை உடைத்திருக்கவேண்டும்.

(ஆலன் மன்னே என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1960களில் இந்தியாவின் சிமெண்ட், உரம், அலுமினியம் போன்ற தொழில்களை வைத்தே இந்தக் கேள்வியை ஆராய்ந்திருக்கிறார். நாங்கள் கட்டி முடித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.)

நெல் எப்போது வரும் என்பது எங்கள் ஊரில் மேட்டூரைப் பொறுத்தது. 2019இல் நாங்கள் உட்கார்ந்து பேசியபோது, வழக்கமான தேதியான ஜூன் 12இல் அணை திறந்து பல வருடம் ஆகியிருந்தது. குறுவை என்பது போர்வெல் உள்ளவர்கள் வைக்கிற பயிர் என்றாகிவிட்டிருந்தது. சம்பா, தாளடி நெல்லிலும் பெரும்பங்கு நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகும். எங்களைப் போன்ற தனியார் மில்லுக்கு வருவது மீதி. இதில் 8 டன் ஆலையை நாளுக்கு 20 மணி நேரம் ஓட்ட 160 டன் நெல் எங்கிருந்து வரும்?

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். அதுதான் என் வாயை அடைத்தது. "அந்த ரெண்டு கோடிக்கு நெல்லு வாங்கினா என்ன ஆகும்?" கிலோ 18 ரூபாய் என்றால் 1,100 டன். நாலு டன் ஆலைக்கு அது இரண்டு வார அரவை. சம்பா அறுவடையில் பிப்ரவரியில் வாங்கிப் போட்டு ஆவணியில் அரைத்தால் பழைய அரிசி என்று மூட்டைக்குக் கூடுதல் விலை கிடைக்கும். மெஷின் வாங்கிவிட்டு நெல் வாங்கக் காசில்லாமல் மில்லை நிறுத்தி வைத்திருப்பவர்களை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம். முன்கூட்டியே போட்ட திறனின் விலை வட்டி மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். வாங்காமல் விட்ட நெல்லும் அதன் விலைதான்.

இத்தோடு நாலும் நாலும் என்று முடிவு செய்திருப்போம். தடுத்தது எலிவேட்டர் குழி.

நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பகுதி தரைக்குக் கீழே 12 அடிக் குழியில் நிற்கும். எங்கள் மண் களி. ஆற்றில் தண்ணீர் ஓடினால் எங்கள் கொல்லையில் ஐந்தடி தோண்டினாலே ஊற்று. குழியை மே மாதம், ஆறு காய்ந்து கிடக்கும்போது தோண்டினால் ஒரு மோட்டார் போதும். நாலைந்து வருடம் கழித்து, ஓடுகிற மில்லின் அஸ்திவாரத்தை ஒட்டிப் பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டினால் பழைய சுவர் பக்கமிருந்து களி சரியும், தண்ணீர் இறைக்க இறைக்க அஸ்திவாரத்தின் அடி இளகும். எங்கள் கொத்தனார் மேஸ்திரி சொன்னது: "அப்ப என்னைக் கூப்பிடாதீங்க."

அன்றைக்குத்தான் 4 கோடியையும் 6 கோடியையும் மொத்தமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, உருப்படி உருப்படியாகப் பிரித்துப் பார்த்தோம். பெரிய ஆலையில் கிடைக்கும் 2 கோடி சேமிப்பு எந்த உருப்படியிலிருந்து வருகிறது? கட்டடமும் குழியும் நாலு டன்னுக்கு 100 லட்சம், எட்டு டன்னுக்கு 135. இரண்டு முறை கட்டினால் 200 ஆகியிருக்கும். ஆகவே 65 லட்சம் மிச்சம் இங்கேயே. பாய்லரும் புகைபோக்கியும் 50க்கு 68, அதில் 32 மிச்சம். இந்த இரண்டிலேயே ஏறக்குறைய ஒரு கோடி வந்துவிட்டது, அதாவது சேமிப்பில் பாதி.

மறுபக்கம் டிரையர் என்பது எண்ணிக்கைச் சரக்கு. நாலு டன்னுக்கு இரண்டு, எட்டு டன்னுக்கு நாலு. மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவுதான். கலர் சார்ட்டரில் மிச்சம் 8 லட்சம்கூடத் தேறுமா என்று சந்தேகம். அது போக, கேமரா உள்ள எந்த மெஷினும் நாலு வருடத்தில் நல்லதாகவும் மலிவாகவும் மாறும். அதை முன்கூட்டி வாங்குவதில் அர்த்தமே இல்லை.

ஆக மூன்றாவது வழி ஒன்று இருந்தது. கட்டடம், குழி, பாய்லர் மூன்றையும் எட்டு டன்னுக்குப் போடுவது. மற்றதெல்லாம் நாலு டன்னுக்கு. இதற்கு இன்றைக்குக் கூடுதல் செலவு 53 லட்சம். பின்னால் இரண்டாவது பாதிக்கு 4 கோடி வேண்டாம், இரண்டரை கோடி போதும். 53 லட்சம் போட்டு, சேமிப்பில் பாதியை வாங்குகிறோம். 2 கோடி போட்டால் முழுச் சேமிப்பும் கிடைக்கும். இப்படிப் பார்த்ததும் அண்ணனும் நானும் பத்து நிமிடத்தில் ஒத்துப்போனோம். மொத்தக் கொட்டேஷனை வைத்து முதலிலேயே பேசாமல், உருப்படிவாரியாகக் கேட்டு வாங்கியிருந்தால் ஒரு மாதச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

2019 மே, ஜூனில் குழிகளைத் தோண்டிக் கான்கிரீட் போட்டோம். அந்த வருடம் மேட்டூர் ஆகஸ்ட் 13இல்தான் திறந்தது. விவசாயிக்குக் கஷ்டம், எங்கள் குழிக்கு வசதி. இரண்டாவது குழியைப் பலகை போட்டு மூடினோம். 2020 சம்பா அறுவடைக்கு ஆலை ஓட ஆரம்பித்தது.

என் மச்சான் ஒருவர், திருவாரூர் பக்கம், எங்களுக்கு நாலு மாதம் முன்னால் 8 டன் ஆலையே போட்டார். முதல் இரண்டு வருடம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்ட நெல் இல்லை. அதைவிட மோசம், தொட்டியின் அளவு. அவருடைய ஊறல் தொட்டிகளை நிரப்பிக் கட்டுப்படியாக ஓட்டவேண்டும் என்றால் ஒரே நடையில் 40 டன் வேண்டும். ஒருவர் ஏ.டி.டி. 45 ரக நெல் பதினைந்து டன் கொண்டுவந்தால் தனியாக ஓட்டமுடியாது, பக்கத்து ரகத்தோடு கலக்கவேண்டும். ஒரு ரகத்துக்குச் சரியான ஊறல் இன்னொன்றுக்கு அதிகம். அரிசி ஒரே நிறமாக வராது, கலர் சார்ட்டர் நல்ல அரிசியையும் சேர்த்துத் தள்ளும். கடைசியில் தவணை கட்டக் கூலி அரவை எடுத்து ஓட்டினார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2020இல் எட்டு வருடம் கழித்து ஜூன் 12இல் அணை திறந்தார்கள். 2021இலும் அப்படியே. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். குறுவை பழையபடி பெருகியது. அந்த வருடம் செப்டம்பர், அக்டோபரில் என் வாசலில் டிராக்டர் வரிசை நின்றது, நான் பாதியைத் திருப்பி அனுப்பினேன். மச்சான் இராப்பகலாக ஓட்டினார். இரண்டு வருட நஷ்டத்தில் பெரும்பகுதியை அந்த ஒரே வருடத்தில் எடுத்துவிட்டதாகச் சொன்னார். கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. நெல் வந்துவிட்டால் பெரிய ஆலை எவ்வளவு சம்பாதிக்கும் என்பதையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை ஒரு பக்கமாகிவிடும்.

அந்த ஆத்திரத்தில் இரண்டாவது பாதி முழுவதையும் வாங்க நான் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். அண்ணன் ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு நாளும் எது எத்தனை மணி நேரம் ஓடியது, எதற்காக நின்றது என்று எங்கள் மில் மேஸ்திரி எழுதிவந்த நோட்டு. அந்த இரண்டு மாதத்தில் அரவைப் பகுதி ஒரு நாள்கூடப் பதினாறு மணி நேரத்தைத் தாண்டவில்லை. நின்றதற்கான காரணம் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை: டிரையர்.

யோசித்தால் புரியக்கூடியதுதான். குறுவை அறுவடை மழையோடு வரும். நெல் 20, 22 சதவீத ஈரத்தோடு வந்து இறங்கும். அதை அன்றே 14க்குக் காயவைக்காவிட்டால் குவியல் சூடேறி, முளைவிட்டு, அரிசி பழுப்பாகும். அதே டிரையரில்தான் அவித்த நெல்லும் காயவேண்டும். அது 30 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வரும், ஒரு நடை முடியப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பச்சை நெல்லும் அவித்த நெல்லும் இரண்டே டிரையருக்கு அடித்துக்கொண்டன. எங்களுக்கு நாலு டன் அரவை பற்றாமல் போகவே இல்லை, காயவைக்கும் திறன்தான் பற்றவில்லை. 2023 மே மாதத்துக்குள் இரண்டு டிரையரை மட்டும் போட்டோம். டிரையருக்கான இடமும் குழியும் தயாராக இருந்ததால் மில்லை எட்டு நாள்தான் நிறுத்தினோம்.

அந்த வருடம் அணையை ஜூன் 12இல் திறந்தும், தண்ணீர் இல்லாமல் அக்டோபரிலேயே மூடினார்கள். சம்பா பல ஊரில் கருகியது. அடுத்த வருடம் திறந்ததே ஜூலை 28இல். முழு இரண்டாவது பாதியையும் வாங்கியிருந்தால், அரவை லைன், சார்ட்டர், மின்சாரம் என்று இன்னும் 1 கோடி 40 லட்சம் அந்த இரண்டு வருடமும் தூசி படிந்து நின்றிருக்கும். கட்டம் கட்டமாகப் போடுவது என்றால் பாதி, மறுபாதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கட்டத்தின் அளவையும் அந்த நோட்டுத்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது.

எங்கள் கணக்கில் பிசகியது பாய்லர். காகிதத்தில் 32 லட்சம் மிச்சம் காட்டிய அந்தப் பெரிய பாய்லர் மூன்று வருடம் அரைச் சுமையில் ஓடியது. உமி நம்முடையதுதானே என்று அலட்சியமாக இருந்தோம். நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. சின்ன பாய்லர் என்றால் மிஞ்சுகிற உமியைச் செங்கல் சூளைக்கு விற்றிருக்கலாம். அரைச் சுமையில் அதுவே தின்று தீர்த்தது.

அது சில்லறை. பெரிய அடி 2025 பிப்ரவரியில் விழுந்தது. எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். கடல் பக்கம் போகப் போக டெல்டாவில் இதுதான் கதி. தண்ணீரை மென்மையாக்கும் சாதனத்துக்கு உப்புப் போட்டுப் புதுப்பிக்கிற வேலையை ஆள் மாறியதில் யாரும் கவனிக்கவில்லை. பாய்லர் குழாய்களில் காறை பிடித்து, ஒரு குழாய் வெடித்தது. சம்பா உச்சத்தில், நாலு டிரையருக்கும் ஊறல் தொட்டிக்கும் ஒரே பாய்லர். தொட்டியில் 70 டன் நெல் ஊறிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலை தெரு முழுக்கப் புளித்த வாடை. வடித்துக் களத்தில் கொட்டிக் காயவைத்துப் பார்த்தோம், பாதிக்கு மேல் மாட்டுத் தீவன விலைக்குத்தான் போனது. ஆறு நாள் மில் மூடிக் கிடந்தது. முன்பே தெரிந்துகொள்ள வழியும் இருந்தது. அதே அழுத்தத்துக்கு உமி கூடுதலாகப் போகிறது, புகைபோக்கியில் வெளியேறும் சூடு ஏறுகிறது என்று ஃபயர்மேன் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உமி ஈரம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு சின்ன பாய்லர் இருந்திருந்தால் அன்றைக்கு ஒன்றாவது ஓடியிருக்கும். இன்றைக்கு மறுபடி கட்டச் சொன்னால் கட்டடமும் குழியும் எட்டு டன்னுக்கேதான் போடுவேன். பாய்லர் அறையையும் புகைபோக்கியையும் இரண்டுக்குக் கட்டிவிட்டு, உள்ளே ஒரு சின்ன பாய்லரை மட்டும் வைப்பேன். அளவில் கிடைக்கும் மிச்சம் பல இடங்களில் ஒற்றைக் குழாயை நம்பி நிற்பதற்குக் கிடைக்கும் கூலி என்று கொட்டேஷனில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு தவறு மின்சாரத்தில். நாலு டன்னுக்கு மட்டும் டிமாண்ட் வாங்கியது சரிதான். ஆனால் கூட்டிக் கேட்டால் உடனே கிடைக்கும் என்று இருந்துவிட்டோம். டிரையர் வந்து இறங்கிய பிறகுதான் விண்ணப்பித்தோம். ஒப்புதல் வர மாதக்கணக்கானது, அதுவரை இரண்டில் ஒன்றைத்தான் ஓட்டமுடிந்தது. இப்போது நாங்கள் வைத்திருக்கும் முறை: அரவை லைன் 20 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாள் வருடத்தில் 150ஐத் தாண்டினால் அந்த மாதமே மின்சாரத்துக்கு விண்ணப்பம். அதற்குக் காசு கொஞ்சம்தான். மெஷினுக்கு ஆர்டர் அடுத்த வருடமும் அதே அளவு ஓடினால் மட்டும், அதுவும் மார்ச்சில், குறுவை நெல் வருவதற்குள் பொருத்தி முடிக்கிற மாதிரி. ஆர்டர் கொடுத்து ஓடவைக்க ஆறு மாதமாவது ஆகிறது. ஆகஸ்டில் பற்றாக்குறை தெரிந்து ஆர்டர் கொடுத்தால் அந்த வருடக் குறுவை போய்விடும்.

2025இல் மறுபடி ஜூன் 12இல் திறந்தார்கள். நோட்டில் அந்த 150ஐத் தாண்டிவிட்டோம், விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. புது லைனின் கொட்டேஷன் மேசையில் கிடக்கிறது. மூன்றாவது முறையாக விலை ஏற்றி வாங்கியது. இரண்டாவது எலிவேட்டர் குழியில் ஒவ்வொரு ஐப்பசியிலும் கசிந்து நிற்கிற தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கிறோம். அஸ்திவார போல்ட்டுகளுக்கு கிரீஸ் தடவிச் சாக்கு சுற்றி வைத்திருக்கிறோம். அந்த மேடையில்தான் பையன்கள் மதியம் சாப்பிட உட்காருகிறார்கள். "இதுல மெஷின் வந்துட்டா நாங்க எங்க உக்காருறது?" என்று நேற்றுக்கூட ஒருவன் கேட்டான். அண்ணன் பதில் சொல்லவில்லை. காலையில் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.